‘சென்றதாகக் கூறப்படுகிறது’: மும்பைத் தமிழர் பற்றிய எழுத்தில் செயப்பாட்டு அயற்கூற்று

மும்பைத் தமிழர் வாழ்வு பற்றித் தமிழில் வெளிவந்துள்ள கட்டுரைகள், நினைவு மலர்கள், இதழ்ச் செய்திகள் ஆகியவற்றைத் தொடர்ந்து படிப்போர் ஒரு வினைமுடிபை மிகுதியாக எதிர்கொள்வர். ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ என்பன அம்முடிபின் வடிவங்கள். தாராவி எப்போது குடியேற்றம் பெற்றது, மாட்டுங்காவில் தமிழர் எவ்வாறு நிலைபெற்றனர், யார் எப்போது செம்பூருக்குப் பெயர்ந்தனர் என்ற செய்திகள் பெரும்பாலும் இம்முடிபைக் கொண்டே முடிகின்றன. கூறியவர் யார் என்பது வாக்கியத்தில் இராது. இம்முடிபு ஒரு குறிப்பிட்ட வாழ்க்கைக் குறிப்பில் என்ன செய்கிறது, பேச்சுத் தமிழ் அதே பணியை எவ்வாறு செய்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எடுத்துக்கொண்ட வாழ்க்கை வரதராஜன் முதலியாருடையது. 1926இல் பிறந்து, பம்பாயில் சுமைதூக்கும் தொழிலாளியாகத் தொடங்கி, தாராவி, மாட்டுங்கா வட்டாரங்களில் ‘வரதா பாய்’ என்று அறியப்பட்டு, 1988 சனவரியில் சென்னையில் இறந்தவர் அவர். அவரைப் பற்றிய எழுத்து தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏராளம். ஆயினும் அதில் நேர்வினைமுற்றால் முடியும் வாக்கியங்கள் மிகச் சிலவே. கள்ளச்சாராயத் தொழில் நடத்தியதாகக் கூறப்படுகிறது. ஏழை மக்களின் வழக்குகளைத் தாமே தீர்த்துவைத்ததாகச் சொல்லப்படுகிறது. மாட்டுங்கா இரயில் நிலையத்தை அடுத்து அவர் அமைத்த விநாயகர் சதுர்த்திப் பந்தல் நகரெங்கும் பேசப்பட்டது. ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் பிறர் கூற்றாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவரைப் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்றின் பொது வடிவத்தை ஈண்டுத் தருகிறேன். இஃது எந்தவொரு நூலிலிருந்தும் எடுத்ததன்று. பலவற்றின் சாரமாக அமைத்துக்கொண்டது.

‘காவல்துறையின் கடும் நடவடிக்கைக்கு அஞ்சி, 1980களின் நடுவில் அவர் பம்பாயை விட்டுச் சென்னைக்குச் சென்றதாகக் கூறப்படுகிறது.’

இவ்வாக்கியத்தில் மூன்று செய்திகள் உள்ளன. அவர் சென்றார் என்பது ஒன்று. 1980களின் நடுவில் சென்றார் என்பது மற்றொன்று. அஞ்சிச் சென்றார் என்பது மூன்றாவது. முதற்செய்தியில் ஐயத்திற்கு இடமில்லை. அவர் இறந்தது சென்னையில். இரண்டாவது, ஆவணங்களைக் கொண்டு உறுதிசெய்யத்தக்கது. காவல்துறைத் துணை ஆணையராக இருந்த ஒய். சி. பவார் அவர்மீது மேற்கொண்ட நடவடிக்கைகள் அக்கால ஆங்கில இதழ்களில் பதிவானவை. அவற்றின் காலத்தைக் கொண்டு புறப்பாட்டின் காலத்தையும் நெருங்கலாம். மூன்றாவது ஒருவருடைய மனநிலை பற்றியது. அஞ்சினாரா, உடல்நலம் கருதினாரா, ஊர் திரும்ப விரும்பினாரா என்பதை அவரோ அவருக்கு மிக நெருங்கியவரோ சொல்லியிருந்தாலன்றி அறிய இயலாது. ‘கூறப்படுகிறது’ என்பது இம்மூன்றையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. உறுதியான செய்தி தேவையின்றி ஐயத்திற்கு உள்ளாகிறது. ஐயத்திற்குரிய செய்தியோ உறுதியானதன் அருகில் நின்று அதன் நிறத்தைப் பெற்றுக்கொள்கிறது. இவ்விரண்டாவது விளைவே பெருந்தீங்கு என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் இவ்வகை வாக்கியம் வேறு முறையில் இயங்குகிறது. அங்கு ‘அவர்’ என்னும் சொல் உள்வாக்கியத்திலிருந்து வெளிவந்து, ‘சொல்லப்படுகிறார்’ என்னும் வினைக்கே எழுவாயாக அமர்ந்துவிடுகிறது. அவரே சொல்லப்படுகிறவர், சென்றிருப்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. தமிழில் இப்பெயர்ச்சி எளிதில் நிகழ்வதில்லை. ‘அவர் பெருந்தலைவராகக் கருதப்படுகிறார்’ என்பது இயல்பான தமிழ். ஏனெனில் அங்கு உள்ளே இருப்பது பெயர்ப்பயனிலை. ‘அவர் சென்னைக்குச் சென்றதாகக் கூறப்படுகிறார்’ என்றால் காது ஏற்காது. வினைப்பயனிலை உள்ளே இருக்கும்போது தமிழ் ‘அவர்’ என்பதை உள்வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டு, முற்றுவினையை அஃறிணை ஒருமையில் முடிக்கிறது. இதனால், தமிழ் வாக்கியத்தின் முற்றுவினை செயலுக்குரியவரையும் சுட்டுவதில்லை, சொன்னவரையும் சுட்டுவதில்லை. ‘கூறப்படுகிறது’ என்பதில் உள்ள ‘அது’ யாது? முழுச் செய்தியே. ஆங்கில வாக்கியத்தில் மனிதர் ஒருவராவது எஞ்சி நிற்கிறார். தமிழில் செய்தி மட்டுமே தானே தன்னைக் கூறிக்கொள்வது போல் நிற்கிறது.

உள்வாக்கியத்தை இணைக்கும் முறையும் நோக்கத்தக்கது. ‘சென்றார் என்று கூறினர்’, ‘சென்றதாகக் கூறினர்’, ‘சென்றதைக் கூறினர்’ ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ‘சென்றதை’ என்னும்போது எழுதுபவர் அச்செலவை உண்மையென ஒப்புக்கொண்டுவிடுகிறார். ‘என்று’ சொன்னவருடைய சொல்லை ஏறத்தாழ அவ்வாறே தருகிறது. திணை, பால், எண், இடம் அனைத்தும் அதில் எஞ்சுகின்றன. ‘சென்றதாக’ என்பதில் அவை உதிர்ந்துவிடுகின்றன. நான் சென்றதாக, நீ சென்றதாக, அவர் சென்றதாக என எல்லா இடத்திற்கும் வடிவம் ஒன்றே. எனவே ‘சென்றதாகக் கூறப்படுகிறது’ என்பதில் இருமுறை ஆள் மறைகிறார்: உள்வினையில் ஒருமுறை, புறவினையில் ஒருமுறை.

‘படு’வும் ‘என்ப’வும்

தமிழில் செயப்பாட்டு வினையே இயல்பானதன்று என்று கால்டுவெல் 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கருதினார். ‘படு’ என்பது அனுபவித்தலை உணர்த்தும் தனிவினை என்பதும், மக்கள் பேச்சில் அதன் துணையால் ஆகும் செயப்பாட்டு வினை அரிது என்பதும் அவர் நோக்கின் சாரம். இதை வைத்துக்கொண்டு ‘படு’ வந்த இடமெல்லாம் ஆங்கிலத்தின் வரவு என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. ‘எனப்படுவது’ என்னும் முடிபு பழைய நூல்களிலேயே பரவலாக உள்ளது. ஆனால் அது அங்குச் செய்யும் பணி வேறு. ஒன்றுக்குப் பெயரிடுவதற்கும் வரையறை கூறுவதற்கும் அது வருகிறது. செவிவழிச் செய்தியை அறிவிக்க வருவதில்லை. செயப்படுபொருளையே வினைமுதல் போலச் சொல்லும் ‘திண்ணை மெழுகிற்று’ போன்ற வழக்கைத் தொல்காப்பியம் ஏற்கிறது. அதற்கும் ‘படு’ தேவைப்படவில்லை.

பிறர் கூற்றை எடுத்துரைக்கத் தொல்காப்பியர் பயன்படுத்தியவை ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ போன்ற முற்றுகள். இவை செய்வினைகள், உயர்திணைப் பலர்பால் முற்றுகள். சொன்னவர் பெயர் இல்லை என்பது உண்மை. ஆயினும் சொன்னவர் மனிதர், பலர், நூலாசிரியருக்கு முற்பட்டவர் என்ற மூன்றும் வினைமுற்றிலேயோ அதனை அடுத்த சொல்லிலேயோ தெரிகின்றன. உரையாசிரியர்களின் ‘என்பாரும் உளர்’ என்னும் தொடர் இன்னும் நுட்பமானது. அவ்வாறு சொல்வோர் இருக்கின்றனர் என்பதை மட்டும் உறுதிசெய்து, அவர் சொன்னதைத் தாம் ஏற்கவில்லை என்பதையும் அது குறிப்பால் உணர்த்தும். நம் ஆய்வேடுகளில் ‘என்பாரும் உளர்’ அருகி, ‘என்றும் கருதப்படுகிறது’ பெருகியிருப்பது வெறும் நடைமாற்றம் அன்று. முன்னதை எழுதியவரிடம் ‘அவர் யாவர்?’ என்று கேட்கலாம். அவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். பின்னதை எழுதியவரிடம் அக்கேள்வியைக் கேட்க வாக்கியம் இடமளிப்பதில்லை. ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் தந்திகளை விரைந்து தமிழாக்கிய நாளிதழ் மேசைகளில் இம்முடிபு வேரூன்றியிருக்க வேண்டும் எனலாம். அங்கிருந்து ஆய்வேட்டிற்கு வந்த வழி மிகக் குறுகியது.

பேச்சில் ‘ஆம்’

தாராவியில் குடியேறிய தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பகுதியினர். அவர்கள் பேச்சில் ‘கூறப்படுகிறது’ என்பதற்கு இடமே இல்லை. அங்கு வழங்குவன இரண்டு. ஒன்று, ‘சொல்லுதாவ’ என்னும் பலர்பால் வினைமுற்று. இது ‘என்ப’ என்பதன் நேர் வாரிசு. மற்றொன்று, ‘போனாராம்’, ‘செத்துட்டாராம்’ என்பவற்றில் வரும் ‘ஆம்’ ஈறு. ‘ஆகும்’ என்பதன் திரிபான இவ்வீற்றைத் தாமஸ் லேமன் 1989இல் வெளியான தற்காலத் தமிழ் இலக்கண நூலில் பிறர்கூற்றை உணர்த்தும் இடைச்சொல்லாக விளக்குகிறார். உலக மொழிகளில் அறிவின் மூலத்தை வினையிலேயே குறிக்கும் உறுப்புகளை அலெக்சாந்திரா ஐகன்வால்டு 2004இல் விரிவாகத் தொகுத்தார். ‘ஆம்’ அக்குடும்பத்தைச் சேர்ந்தது.

‘ஆம்’ பெற்றுள்ள ஆற்றலை மேற்காட்டிய வாக்கியத்தைக் கொண்டே காணலாம். தாராவி முதியவர் ஒருவர் அதே செய்தியைச் சொல்வதாகக் கொண்டால், பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

‘மெட்ராசுக்குப் போனது போலீசுக்குப் பயந்துதானாம்.’

இதில் ‘போனது’ என்பது அறிந்த செய்தியாக முன்னே நிற்கிறது; அதற்கு ‘ஆம்’ இல்லை. ‘பயந்துதான்’ என்னும் காரணம் மட்டும் ‘ஆம்’ பெறுகிறது. அதாவது, சென்றதற்குச் சொல்பவர் பொறுப்பேற்கிறார், காரணத்திற்குப் பொறுப்பேற்கவில்லை. எழுத்து வாக்கியம் மூன்று செய்திகளையும் ஒன்றாக மூட, பேச்சு வாக்கியம் ஐயத்தை அது சேரவேண்டிய இடத்தில் மட்டும் சேர்க்கிறது. கல்லாதவர் எனப்படுவோர் பேச்சில் உள்ள இப்பிரிப்பு, கற்றோர் உரைநடையில் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

மும்பையில் இவ்வீறு வலுவிழக்காமல் இருப்பதற்குச் சூழலும் துணையாகலாம். மராத்தியில் ‘தோ கேலா ம்ஹணே’ என்றால் ‘அவன் போனானாம்’ என்று பொருள். வாக்கிய இறுதியில் வரும் ‘ம்ஹணே’, சொல்லுதலை உணர்த்தும் வினையிலிருந்து பிறந்து இடைச்சொல்லாக நிற்பது. பணியில் நம் ‘ஆம்’ போன்றது. ‘அஸே ம்ஹணதாத்’ என்பது ‘அவ்வாறு சொல்கிறார்கள்’ என்னும் செய்வினை. வீட்டில் ‘ஆம்’ என்றும் தெருவில் ‘ம்ஹணே’ என்றும் பேசி வளரும் செம்பூர்ப் பிள்ளைக்குப் பிறர்கூற்றைப் பிரித்துச் சொல்லும் பழக்கம் இரு மொழியிலும் கிடைக்கிறது. கட்டுரைப் பயிற்சியில்தான் அது கைநழுவுகிறது. ‘ஆம்’ கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்கப்படுகிறது.

‘ஆம்’ ஈற்றை அப்படியே ஆய்வுரைநடைக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு குறை உண்டு. இழுத்துச் சொல்லும்போது அது எள்ளலாகிவிடும். ‘இவரு பெரிய தலைவராம்’ என்பதில் செய்தியைவிட ஏளனமே மிகுதி. எழுத்தில் குரல் இல்லாமையால் படிப்பவர் எதைக் கொள்வார் என்பது உறுதியில்லை. நாளிதழ்கள் அதனைத் தவிர்த்ததற்கு இஃதொரு நியாயமான காரணமே.

யாரால்?

ஒரு வாக்கியத்தில் ‘கூறப்படுகிறது’ என்பதற்கு முன் ‘யாரால்’ என்னும் கேள்வியை வைத்துப் பார்த்தால் அதன் தரம் விளங்கும். வரதராஜன் முதலியார் பற்றிய செய்திகளில் இக்கேள்விக்கு மூவகை விடைகள் கிடைக்கின்றன. சட்டவிரோதத் தொழில்கள் பற்றியவற்றின் மூலம் பெரும்பாலும் காவல்துறை. வழக்குத் தீர்த்தமை, உதவி செய்தமை பற்றியவற்றின் மூலம் தாராவி, மாட்டுங்கா மக்கள். அவர் விருப்பப்படி உடலை ஹாஜி மஸ்தான் தனி விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்தார் என்பது போன்ற செய்திகள், ஒரு குறிப்பிலிருந்து மற்றொரு குறிப்பிற்குத் தாவி வருவன. ஒன்று அரசு தரப்பு; ஒன்று பயன்பெற்றோர் தரப்பு; ஒன்று தரப்பே இல்லாதது. ‘கூறப்படுகிறது’ இம்மூன்றுக்கும் ஒரே முகத்தைத் தருகிறது. விமானச் செய்தி இவற்றுள் எளிதில் சரிபார்க்கத்தக்கது. வந்திறங்கிய விமானத்திற்கும் நடந்த இறுதி ஊர்வலத்திற்கும் நாளிதழ்ப் பதிவு இருக்கும். சரிபார்க்கத்தக்கதைச் சரிபார்க்காமல் விடுவதற்கு இம்முடிபு நல்ல மறைவிடம்.

நான்காவது மூலம் ஒன்றும் உண்டு. அது திரைப்படம். மணிரத்னத்தின் ‘நாயகன்’ 1987 அக்டோபரில் வெளிவந்தது. வரதராஜன் அப்போது உயிருடன் இருந்தார். படத்தின் நாயகன் இறுதியில் சுட்டுக் கொல்லப்படுகிறான். வரதராஜன் சில மாதங்கள் கழித்து நோயுற்று இறந்தார். எனவே படத்தின் முடிவு அவர் வாழ்விலிருந்து வந்திருக்க இயலாது. ஆனால் எதிர்த்திசையில் செய்தி நகர்ந்திருக்க வாய்ப்புண்டு. தூத்துக்குடியிலிருந்து சிறுவனாகப் புறப்பட்டு வருதல், காவலரின் கொடுமையைக் கண்டு எதிர்த்தல் போன்றவற்றைப் படத்தில் கண்ட எழுத்தாளர், அவற்றை வாழ்க்கைக் குறிப்பில் ‘சொல்லப்படுகிறது’ என்று சேர்த்தால் அதைப் பிரித்தறிய வாக்கியம் உதவாது. ‘படம் அவர் வாழ்வைத் தழுவியதாகக் கூறப்படுகிறது, அவர் வாழ்வும் அவ்வாறே அமைந்ததாகக் கூறப்படுகிறது’ என்னும் வட்டத்திற்குள் நாம் நின்றுவிடுகிறோம்.

ஆண்டுகள் பற்றிய செய்திகளிலும் இவ்வட்டம் உண்டு. தாராவிக்கு முதல் தோல் பதனிடும் தொழிற்கூடம் வந்தது 1887இல் என்று பல குறிப்புகள் கூறுகின்றன. அங்குள்ள படி மசூதி தொடங்கப்பட்டதும் 1887 என்றே கூறுகின்றன. தமிழ் முசுலிம்கள் தோல் தொழிலோடு வந்து தொழுகையிடமும் எழுப்பினர் என்பது நடக்கக்கூடியதே. ஆனால் ஒன்றன் ஆண்டைக்கொண்டு மற்றொன்றன் ஆண்டை எவரோ ஊகித்திருக்கவும் கூடும். இரண்டும் தனித்தனிச் சான்றுகளா, ஒரே சான்றின் இரு நிழல்களா என்பதை அறிய மூலம் வேண்டும். ‘நம்பப்படுகிறது’ அம்மூலத்திற்குச் செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. ‘ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப்பகுதி எனக் கூறப்படும் தாராவி’ என்னும் தொடர் இதனினும் மோசமானது. அங்குக் கூற்று பெயரெச்சமாகிவிட்டது. முற்றுவினையையாவது மறுக்கலாம், பெயருக்கு முன் அடையாக ஒட்டிக்கொண்டதை மறுக்கப் படிப்பவருக்கு இடமே கிடைப்பதில்லை.

சட்டத்தின் பாதுகாப்பு வேண்டியே இம்முடிபு பயன்படுகிறது என்று செய்தியாளர் கூறுவர். அது ஓரளவே உண்மை. அவதூறு பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும், 2024 சூலை முதல் அதனிடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், பழியைச் சொல்வதோடு அதனை வெளியிடுவதையும் குற்றமாகவே கொள்கின்றன. பிறர் சொன்னதைத்தான் எழுதினேன் என்பது தன்னளவில் விடுதலை தருவதில்லை. இறந்தவர்மீது சுமத்தும் பழிகூட, அது குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்குடையதாயின் அவதூறாகலாம். ‘காவல்துறை குற்றப்பத்திரிகையில் கூறியது’ என்று மூலத்தைச் சுட்டி எழுதுவது, ‘கூறப்படுகிறது’ என்பதைவிடச் சட்டத்தின் முன்னும் வலுவானது.

இம்முடிபு தவிர்க்க இயலாதது போல் தோன்றும் இடம் ஒன்று எஞ்சுகிறது. 1992 திசம்பரிலும் 1993 சனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்கள் தாராவியையும் தாக்கின. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் தன் அறிக்கையை அளித்தது. ஆணையத்தின் முன் வராத பலர் தாம் கண்டவற்றை இன்றும் வீட்டிற்குள் சொல்கின்றனர்; பெயர் வெளிவருவதை விரும்புவதில்லை. அவர்களைக் காக்க வேண்டி எழுதுபவர் ‘கடை எரிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று முடிக்கிறார். நோக்கம் நல்லது. ஆனால் விளைவு என்ன? ‘நான் பாத்தேன், அந்தக் கடையைக் கொளுத்தினாங்க’ என்று ஒருவர் சொன்னது கண்ட சாட்சி. அவர் சொன்னதில் ‘ஆம்’ இல்லை. ‘கூறப்படுகிறது’ அதனைக் கேட்ட செய்தியாகத் தாழ்த்திவிடுகிறது. காணாமல் கேட்டவர் ‘கொளுத்தினாங்களாம்’ என்று சொன்னதும் எழுத்தில் அதே வடிவத்தையே பெறுகிறது. கண்டவரும் கேட்டவரும் சொல்லிலேயே கவனமாகப் பிரித்துவைத்ததை எழுதுபவர் ஒன்றாக்கிவிடுகிறார். பிற்காலத்தில் அப்பதிவைப் படிப்பவர், தாராவியில் கண்ட சாட்சி எவரும் இல்லை என்றே முடிவு செய்வார்.

பெயரை மறைப்பதற்குச் செயப்பாட்டு வினை தேவையில்லை. ‘அத்தெருவில் அப்போது குடியிருந்த ஒருவர், கடைக்குத் தீ வைத்ததைத் தாம் கண்டதாகக் கூறினார்’ என்று எழுதலாம். பெயர் இல்லை, ஆயினும் சொன்னவர் ஒருவர், அவர் அங்கிருந்தவர், கண்டவர் என்பன நிற்கின்றன. கேட்டவர் கூற்றாயின் ‘தாம் பிறர் சொல்லக் கேட்டதாக’ என்று மாற்றினால் போதும். வரதராஜன் பற்றிய வாக்கியத்தையும் இவ்வாறே பிரிக்கலாம்: ‘1980களின் நடுவில் காவல்துறை அவர்மீது கடும் நடவடிக்கை மேற்கொண்டது. அவர் சென்னைக்குச் சென்று, அங்கு 1988இல் இறந்தார். நடவடிக்கைக்கு அஞ்சியே சென்றார் என்பாரும் உளர்.’ இவ்வடிவில் ஆறு சொற்கள் கூடுகின்றன. ‘உளர்’ என்று எழுதியவர், அவ்வாறு சொன்ன ஒருவரையேனும் குறிப்பேட்டில் வைத்திருக்க வேண்டும்.